மீட்டர் ஓடுவது வேகமா, கடிகாரம் ஓடுவது வேகமா?

"டிஜிட்டல் மீட்டர் வைச்சதுல இருந்து பில் எகிறுதுங்க, மீட்டர் ரொம்ப ஸ்பீடா ஓடுது!"

தொழிற்பேட்டை பக்கம் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் இந்த வசனம் காதில் விழாமல் போகாது. வீட்டு மீட்டரைப் பற்றியும் இதே புலம்பல்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு யூனிட் மட்டும்தான் கணக்கு. உயர் மின்னழுத்த இணைப்பு வாங்கிய தொழிற்சாலைக்கு யூனிட்டுக்கு மேல் இன்னொரு கணக்கு இருக்கிறது: மேக்சிமம் டிமாண்ட், சுருக்கமாக எம்.டி. பல முதலாளிகள் மீட்டரின் வேகத்தை சந்தேகப்பட்டுக்கொண்டே இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பணம் ஓட்டை வழியாகப் போவது அங்கேதான்.

முதலில் பழைய மீட்டருக்கு நியாயம் செய்துவிடலாம். அலுமினியத் தட்டு சுழலும் அந்த மீட்டர் மோசமான கருவி அல்ல, பல பத்தாண்டுகள் உழைத்த கருவி. ஆனால் சுழலும் எதற்கும் தேய்மானம் உண்டு. தாங்கி தேய்ந்து தூசியும் படிந்தால் தட்டு மெதுவாகத்தான் சுற்றும். குறைந்த லோடில் சில சமயம் நகராமலே நின்றுவிடும். அப்படிப்பட்ட மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மாட்டினால் பில் ஏறத்தான் செய்யும். புதியது வேகமாக ஓடுவதால் அல்ல, பழையது இத்தனை நாள் தூங்கியதால்! இரண்டில் எது சரி என்ற சந்தேகம் வந்தால், சோதிக்கப்பட்ட இன்னொரு மீட்டரை கூடவே இணைத்து சில நாள் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 2006-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த மீட்டர் விதிகள், நுகர்வோர் மீட்டர் எல்லாம் சுழலும் பாகம் இல்லாத ஸ்டேட்டிக் வகையாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. ஆக யூனிட் சண்டை பெரும்பாலும் முடிந்துபோன சண்டை.

எம்.டி. சண்டை அப்படி முடியவில்லை.

எம்.டி. என்றால் என்ன? ஒரு மாதத்தில் தொழிற்சாலை அதிகபட்சமாக எவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் இழுத்தது என்பதற்கான அளவு. இதில் "ஒரே நேரத்தில்" என்பதை ஒரு நொடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மீட்டர் நேரத்தை 30 நிமிடக் கட்டங்களாக (சில இணைப்புகளில் 15 நிமிடம்) வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி கே.வி.ஏ. எவ்வளவு என்று பார்க்கிறது. மாதம் முழுவதிலும் எந்தக் கட்டத்தின் சராசரி எல்லாவற்றையும்விட அதிகமோ, அதுதான் அந்த மாதத்து எம்.டி.

"மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது குப்பென்று இழுக்குமே, அதான் எம்.டி.யை ஏத்திடுது" என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தப்பு. 50 கே.வி.ஏ. இழுக்கும் மோட்டார் ஒன்று, ஸ்டார்ட் ஆகும் 10 நொடிக்கு 300 இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 250. ஆனால் அரை மணி நேரத்தில் 1800 நொடி. 250-ஐ 10-ஆல் பெருக்கி 1800-ஆல் வகுத்தால் சராசரியில் ஏறுவது ஒன்றரை கே.வி.ஏ. கூட இல்லை. எம்.டி.யை ஏற்றுவது பெரிய இயந்திரங்கள் அரை மணி நேரம் சேர்ந்து ஓடுவதுதான்.

பழைய மீட்டர் இதை எப்படி அளந்தது என்பது சுவாரஸ்யமான விஷயம். சுழலும் தட்டோடு பல் சக்கரத்தால் இணைந்த ஒரு சிறிய கை, ஒரு முள்ளைத் தள்ளிக்கொண்டே போகும். அரை மணி முடிந்ததும் கை மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், முள் போன இடத்திலேயே நிற்கும். அடுத்த அரை மணியில் கை அதைவிட மேலே போனால்தான் முள் மறுபடி நகரும். மாதக் கடைசியில் ரீடிங் எடுக்க வருபவர் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, சீலை உடைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, புது சீல் வைப்பார். எளிமையான ஏற்பாடு. ஆனால் அந்த முள்ளுக்கு ஞாபக சக்தி கிடையாது. எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. ரீடிங் எடுப்பவர் முள்ளைத் திருப்ப மறந்தால் போன மாத உச்சம் இந்த மாத பில்லிலும் வந்து உட்காரும், அதை நிரூபிக்க ஒரு வழியும் இருக்காது.

டிஜிட்டல் மீட்டரில் அந்த 'எப்போது' இருக்கிறது. உச்சம் பதிவான தேதி, நேரம், எத்தனை முறை ரீசெட் செய்யப்பட்டது என்ற எண்ணிக்கை, ஒவ்வொரு கட்டத்தின் லோடு எல்லாம் உள்ளே பதிவாகின்றன. இந்தக் கடைசி பதிவுக்கு லோடு சர்வே என்று பெயர். இதனால் என்ன லாபம் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம்.

கோவைப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபவுண்டரி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அனுமதி பெற்ற டிமாண்ட் 200 கே.வி.ஏ. உருக்கும் ஃபர்னஸ் 120, மணல் கலக்கும் பிரிவு 40, கம்ப்ரசர்கள் 30, மற்றவை 20. (பவர் ஃபேக்டர் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று வைத்தே இப்படிக் கூட்ட முடியும். கணக்கு எளிதாக இருக்கட்டும்.) வழக்கமாக காலையில் மணல் வேலை, அச்சு வேலை. அது முடிந்த பிறகுதான் ஃபர்னஸ். அதனால் உச்சம் 120, 30, 20 சேர்ந்து 170.

17-ந் தேதி அவசர ஆர்டர். மணல் பிரிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்தரை மணிக்கு ஃபர்னஸைப் போட்டுவிட்டார்கள். 11 மணிக்கு மணல் பிரிவு நின்றது. அந்த ஒரே ஒரு அரை மணிக்கு லோடு 210.

தமிழ்நாட்டில் உயர் மின்னழுத்தத் தொழிற்சாலைகளுக்கான டிமாண்ட் கட்டணம் 2022 செப்டம்பரில் கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. இங்கே 550 என்றே வைத்துக்கொள்ளலாம். விதி இதுதான்: பதிவான டிமாண்ட் அல்லது அனுமதி பெற்றதில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். அனுமதியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரு மடங்கு.

17-ந் தேதி சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால்? பதிவு 170, ஆனால் 90 சதவீதம் 180. கட்டணம் 99,000 ரூபாய். நடந்ததால்? 200-க்கு 1,10,000. தாண்டிய 10-க்கு இரு மடங்கில் 11,000. மொத்தம் 1,21,000. அரை மணி நேரத்தின் விலை 22,000 ரூபாய்! அந்த அரை மணியில் மணல் பிரிவு இழுத்த மின்சாரம் வெறும் 20 யூனிட்டுக்குள்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதே அரை மணி ஒன்றுசேரல் 10:30-க்குப் பதில் 10:45-க்கு ஆரம்பித்து 11:15-க்கு முடிந்திருந்தால்? 10:30 முதல் 11 வரையிலான கட்டத்தில் பாதி நேரம் 90, பாதி நேரம் 210, சராசரி 150. அடுத்த கட்டத்தில் பாதி நேரம் 210, பாதி நேரம் 170, சராசரி 190. எம்.டி. 190 என்றே பதிவாகும். அபராதமே இல்லை, பில் 1,04,500. வேலையும் அதே, ஓடிய இயந்திரங்களும் அதே. மாறியது கடிகாரத்தில் கால் மணி நேரம் மட்டும்.

பழைய மீட்டரில் அரை மணிக் கட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிஜிட்டல் மீட்டர்கள் பெரும்பாலும் நிஜக் கடிகாரத்தின் அரை மணிகளோடு ஒட்டியே கட்டம் வெட்டுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் டிமாண்ட் எதுவரை ஏறியிருக்கிறது என்றும் பல மீட்டர்கள் திரையில் காட்டும். 10:50-க்கு அதைப் பார்த்த ஃபோர்மேன் ஒரு பிரிவை பத்து நிமிடம் நிறுத்தினால் அந்தக் கட்டம் தப்பித்துவிடும். முள் மீட்டர் காலத்தில் இது நடக்காத காரியம். ஆக, "வேகமாக ஓடுகிறது" என்று திட்டு வாங்கும் அதே மீட்டர்தான் உண்மையில் முதலாளியின் கையில் பிரேக்கைக் கொடுத்திருக்கிறது.

டிஜிட்டல் மீட்டர் தப்பே செய்யாதா? மீட்டர் சரியாக இருந்தும் பில் தப்பாகலாம். மீட்டர் காட்டும் எண்ணை கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதத்துக்கு ஏற்ப ஒரு எண்ணால் பெருக்கித்தான் பில் போடுவார்கள். மீட்டர் மாற்றும்போது அந்தப் பெருக்கல் எண் தப்பாகப் பதிவானால் எல்லாமே தப்பு. ஆனால் அப்போது எம்.டி. மட்டுமல்ல, யூனிட்டும் அதே மடங்கில் ஏறியிருக்கும். யூனிட் வழக்கம்போல் இருந்து எம்.டி. மட்டும் ஏறியிருந்தால் லோடு சர்வேயைப் பார்க்க வேண்டும். 210 கே.வி.ஏ. பதிவான கட்டத்தில், பவர் ஃபேக்டர் 0.95 என்றால், சுமார் 100 யூனிட் ஓடியிருக்க வேண்டும். ஓடியிருந்தால் மீட்டர் சொல்வது உண்மை, தப்பு ஷாப் ஃப்ளோரில். ஓடவில்லை என்றால் முதலாளி தைரியமாகச் சண்டைக்குப் போகலாம், கையில் ஆதாரம் இருக்கிறது.

இங்கே கணக்குப்பிள்ளைகள் மேலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பெரும்பாலான லெட்ஜர்களில் இது எல்லாம் 'ஈ.பி. சார்ஜ்' என்ற ஒரே தலைப்பில் போய்விடுகிறது. யூனிட் கட்டணம் உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு. டிமாண்ட் கட்டணம் அப்படி அல்ல. 17-ந் தேதி 210 தொட்டாகிவிட்டது என்றால் அந்தப் பணம் போனது போனதுதான். அந்த மாதம் மிச்ச நாள் எல்லாம் 210 வரை ஓட்டினாலும் டிமாண்ட் கட்டணத்தில் ஒரு பைசா கூடாது. ஆகவே எம்.டி. ஏறிவிட்டது என்று 18-ந் தேதி தெரிந்தால், தள்ளிப்போட்டு வைத்த வேலைகளை அந்த மாதமே சேர்த்து ஓட்டி முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பில் வந்த பிறகு அடுத்த மாதம் தெரிந்தால்? புலம்ப மட்டும்தான் முடியும்.

அதனால்தான் எம்.டி. பதிவான தேதியும் நேரமும் பில்லிலேயே, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் தகவல் அது, புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. "210 கே.வி.ஏ." என்று மட்டும் அச்சடித்தால் படிப்பவர் மீட்டரைத் திட்டுவார். "210 கே.வி.ஏ., 17-ந் தேதி, 10:30 முதல் 11:00" என்று அச்சடித்தால் அவர் திரும்பிப் பார்த்து ஃபோர்மேனிடம் கேட்பார்:

"அன்னைக்கு பத்தரை மணிக்கு என்னப்பா பண்ணீங்க?"