ஒப்பாரிக் கோச்சியும் கடிகாரமும்

புகையிரதப் பயணமொன்றின் கால அளவையே கதையின் கால அளவாகக் கொண்டு எழுதும் முறையை, மேனாட்டார் திரைப்படங்களிலிருந்து இரவல் பெற்ற வித்தை எனச் சிலர் ஒதுக்குகின்றனர். 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' திரைப்படம் நண்பகல் வண்டியின் வருகையை நோக்கி ஏறத்தாழ நிமிடத்துக்கு நிமிடமாக நகர்ந்தது உண்மையே. ஆயின், மலையகத்துக்கு இம்முறை இரவல் பொருளன்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. அவர்களுள் பெருந்தொகையினரைத் தலைமன்னார்க் கப்பலுக்குக் கொண்டுசென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். கால எல்லையொன்றை நோக்கி ஓடிய இதனினும் பெரிய கதை இம்மண்ணில் வேறு யாது?

குறை முறையிலன்று, அதனைக் கையாளும் விதத்திலேயே உள்ளது. இத்தகைய கதைகள் பெரும்பாலும் அற்றன் மேடையில் ஒப்பாரியுடன் தொடங்குகின்றன. வண்டி புறப்பட்டதும் கதாநாயகன் சன்னலோரம் அமர்ந்து இருபது ஆண்டுகளை நினைவுகூர்கிறான். இடையிடையே 'மணி பத்து', 'மணி பத்தரை' என வரிகள் வருகின்றன. அவற்றை நீக்கினாலும் கதையில் ஒன்றும் குறையாது. இது கடிகாரத்தால் நகரும் கதையன்று. சுவரில் கடிகாரம் மாட்டிய கதை.

முதலில் அளவைக் கவனிக்க வேண்டும். அமைதியாக வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொற்களைக் கடப்பார் எனக் கொண்டால், 3,000 சொற்கொண்ட சிறுகதை இருபத்தைந்து நிமிட வாழ்வையே தாங்கும். அற்றனிலிருந்து தலைமன்னார்வரை நீளும் நெடும்பயணம் அதற்குள் அடங்காது. எழுத்தாளன் அப்பயணத்தின் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மூத்த மகனோடு தாய் இந்தியா செல்கிறாள். இளைய மகனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவன் ஒருபோதும் வரப்போவதில்லை. தாயிடமோ அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வழியனுப்ப ஏறிய அவன் நாவலப்பிட்டியில் இறங்கியாக வேண்டும். அதற்குள் உண்மையைச் சொல்ல வேண்டும். இக்கதை தொடங்க வேண்டிய இடம் அற்றன் அன்று. வண்டி கலபொடையை விட்டு நகரும் கணம். ரொசல்லையும் வட்டவளையும் ஏற்கெனவே வீணாகிவிட்டன என்பதை ஒரே வாக்கியம் உணர்த்திவிடும். இறங்குமிடமும், சொல்லாவிடின் நேரும் இழப்பும் முதற் பக்கத்திலேயே வாசகனுக்குத் தெரிய வேண்டும். எல்லையை மறைத்துவைத்து இறுதியில் வெளியிடுபவன் திகைப்பைத் தரலாம். பதைப்பைத் தர இயலாது.

அடுத்து, அப்பாதையின் இயல்பை அறிய வேண்டும். அது ஒற்றைப் பாதை. எதிர்வண்டி நிலையத்தில் விலகி வழிவிடும்வரை மற்றது காத்து நிற்கும். இங்குறுஓயாவில் கோச்சி எதிர்பாராது நின்றால், மகனுக்குச் சில நிமிடங்கள் கொடையாகக் கிடைக்கின்றன. அவன் அவற்றையும் குழந்தைக்குத் தண்ணீர் பிடிப்பதிலும் மூட்டையை இறுக்கிக் கட்டுவதிலும் செலவிட்டுவிடுகிறான். ஓடும் நேரத்தினும் வீணாக்கிய நேரமே வாசகனை வதைக்கும்.

நினைவோட்டத்துக்கும் விலையுண்டு. தாயின் கொழுந்துக் கூடையை அவன் அரைப்பக்கம் நினைத்தால் ஒரு நிமிடம் போய்விட்டது. அவன் தலை நிமிரும்போது வெளியே தேயிலை மலை பின்தள்ளப்பட்டு மரச்செறிவு தோன்றியிருக்க வேண்டும். நினைவு முடிந்த பின்னும் வண்டி அதே வளைவில் நின்றால், ஆசிரியர் கடிகாரத்தைத் திருடிவிட்டார் என்பதே பொருள். கைப்பிரதியில் 120 சொற்களுக்கு ஒரு கோடிட்டுப் பார்த்தால் இத்திருட்டு உடனே அகப்படும்.

மணிக்கட்டுக் கடிகாரமும் இங்கு வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் நேரம் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. கணக்கப்பிள்ளையின் கையிலும் துரையின் கையிலுமே இருந்தது. அத்தாய்க்கு மணி தெரியாது. நிலையப் பெயர்களே அவளது மணிகள். நாவலப்பிட்டியின் தண்டவாளங்கள் பல கிளைகளாக விரியும்போது அவள் கேட்கிறாள்: "அடுத்த கப்பல்ல வந்துருவேல்ல, தம்பி?"

வண்டி நிற்கிறது. அவன் என்ன விடை சொன்னான் என்பதை எழுதுவோர் முடிவு செய்யட்டும். ஆனால் அவ்விடைக்கு எஞ்சியிருப்பது அரை நிமிடமே. அறுபது சொற்களுக்கு மேல் எழுதுபவர் எவராயினும், அவருடைய கோச்சி எப்போதோ புறப்பட்டுவிட்டது.