மாம்பழ பான உறையில் 'இயற்கை' என்ற சொல்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

மாம்பழ பான லேபிள் பற்றி நாம் கொடுத்த புகாருக்கு வந்த பதிலை உறுப்பினர்கள் படித்திருப்பீர்கள். முன்கதையை இங்கே திரும்ப எழுதவில்லை. "லேபிள் விதிகளுக்கு உட்பட்டே உள்ளது" என்ற அந்த ஒற்றை வரி சட்டப்படி பெரும்பாலும் சரி என்பதைச் செயற்குழு நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே எமது கேள்வி இனி அந்தப் பானத்தைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் மட்டுமல்ல, விதியிடமும்தான்.

உறையின் முகப்பில் பாதியாக அரிந்த அல்போன்சாவும் இரண்டு மாவிலையும். பின்புறம், குழந்தையின் கண்ணுக்குக்கூடச் சிரமம் தரும் எழுத்தில்: நீர், சர்க்கரை, மாம்பழக் கூழ் (10%), அமிலத்தன்மை சீராக்கி (330), ஆக்சிஜனேற்றத் தடுப்பி (300). அதன் கீழே தனி வரியாக, அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம் 160a(i), சேர்க்கப்பட்ட இயற்கை மற்றும் இயற்கையை ஒத்த நறுமணங்கள். சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது விதி. எனவே கூழைவிடச் சர்க்கரை அதிகம் என்பதை உறையே சொல்லிவிடுகிறது. 200 மில்லி பெட்டியில் கூழ் ஏறக்குறைய 20 மில்லி. எலுமிச்சை தவிர்த்த பழ பானங்களுக்கு 10 சதவீதமே சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒரு சொட்டும் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூழும் படத்தில் உள்ள பழத்துடையதாக இருப்பது அரிது. பானத் தொழிலின் அன்றாடச் சரக்கு, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய விளையும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம். கூழ் கெட்டியாக வரும், விலை கட்டுப்படியாகும். அல்போன்சாவின் வாசனை மட்டும் அதில் கிடையாது. காய்ச்சிப் பதப்படுத்தும்போது இருக்கிற வாசனையிலும் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பிறகு பத்து மடங்காக நீர்க்கச் செய்தால் மிஞ்சுவது என்ன? அதனால்தான் நறுமணம் ஊற்றப்படுகிறது. பெங்களூரா மீது எமக்குக் குறையேதும் இல்லை. அதை விளைவிப்பவர்கள் எமது உறுப்பினர்களிலும் உண்டு. அதன் படத்தையே முகப்பில் போடலாமே என்பதுதான் அவர்களின் கேள்வி.

நறுமணத்தை விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. தாவரப் பொருள்களிலிருந்து பிழிதல், வடித்தல் போன்ற இயற்பியல் முறைகளால் மட்டுமே எடுக்கப்பட்டது இயற்கை நறுமணம். இயற்கை உணவில் உள்ள அதே மூலக்கூறை வேதிமுறையில் பிரித்தோ ஆலையில் தயாரித்தோ எடுத்தால் அது இயற்கையை ஒத்தது. இயற்கைப் பொருள் எதிலும் இதுவரை காணப்படாத மூலக்கூறு என்றால்தான் செயற்கை. அன்னாசியில் உள்ள எத்தில் பியூட்டிரேட்டை ஆலையில் செய்தால் அது நடுவகுப்பில் சேரும். எத்தில் வெனிலின் கடைசி வகுப்பு. செயற்கை நறுமணம் என்றால் அதன் பெயரை உறையில் எழுத வேண்டும். மற்ற இரண்டுக்கும் வகுப்பின் பெயரே போதும். ஆகவே ஆலையில் தயாரான வாசனை பெயர் சொல்லாமலே 'இயற்கை' என்ற சொல்லோடு ஒரே வரியில் உட்கார்ந்துகொள்ள முடிகிறது. அமெரிக்க விதிகளில் இந்த நடுவகுப்பு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைக் கைவிட்டது. இங்கேயும் கைவிடுவது பற்றி உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பரிசீலிக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. ("கைவிட வேண்டும்" என்றே எழுதச் சொன்னவர்கள் பலர்.)

நிறத்துக்கு வருவோம். நறுமண வரியாவது 'ஒத்த' என்று பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. நிற வரி அதையும் சொல்வதில்லை. 2011-ஆம் ஆண்டு உணவுத் தர விதிகள் இயற்கை நிறங்களைப் பட்டியலிடும் இடத்தில், அவை இயற்கையிலிருந்து பிரிக்கப்பட்டவையாக இருந்தாலும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டவையாக இருந்தாலும் பயன்படுத்தலாம் என்கின்றன. பீட்டா கரோட்டின், ரிபோஃப்ளேவின், கேரமல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. செயற்கையாகத் தயாரித்ததை இயற்கை என்று எழுத அனுமதி கொடுத்துவிட்டு, லேபிள் சரியாக உள்ளது என்று எங்களுக்குப் பதில் எழுதுகிறார்கள்! மூன்று கூட்டங்களில் இந்த வாசகத்தைத் தணித்து எழுதப் பார்த்தோம். தணியவில்லை.

உண்மை எண்ணில் ஒளிந்திருக்கிறது. 160a(i) என்றால் ஆலையில் தொகுத்த பீட்டா கரோட்டின். 160a(ii) தாவரத்திலிருந்து எடுத்த கரோட்டின். 160a(iii) ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பது. கடையில் நிற்கும் தாய் ஒருத்தி அடைப்புக்குறிக்குள் இருக்கும் ரோமன் எண்ணைப் பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்? பல உறைகளில் அந்த ரோமன் எண்கூட இல்லை. வெறும் 160a என்று முடிந்துவிடுகிறது.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரியாதா என்று மாவட்டக் கிளைகள் கேட்டிருந்தன. சன்செட் யெல்லோ (110), டார்ட்ரசின் (102) போன்ற சாயங்களைப் பிடிப்பது எளிது. அமிலம் சேர்த்த பானத்தில் வெள்ளைக் கம்பளி நூலைக் கொதிக்கவிட்டால் சாயம் நூலில் ஏறி, கழுவினாலும் போகாது. பீட்டா கரோட்டின் நூலில் அப்படி ஏறாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆலையில் செய்ததும் செடியில் விளைந்ததும் ஒரே மூலக்கூறு என்பது. பெட்ரோலியத்திலிருந்து வந்த கரிமத்தை கார்பன்-14 அளவீட்டால் பிரித்தறியலாம்; அது வழக்கமான உணவு மாதிரிச் சோதனையில் வராது. எனவே குடுவையைச் சோதித்துப் பயனில்லை, கொள்முதல் ரசீதைத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரே மூலக்கூறு என்றால் கெடுதல் எங்கே என்று நிறுவனத் தரப்பு கேட்கும். கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. 160a(i) ஆபத்தானது என்று எமது பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எம்முடையது அல்ல. விலையும் படமும் எதன் பெயரால் விற்கப்படுகின்றனவோ அது உள்ளே இருக்கிறதா என்பதே எமது கேள்வி.

செயற்கைச் சாயங்களை முற்றாகத் தடை செய்யக் கோர வேண்டும் என்ற தீர்மானம் இப்போதைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஆனால் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளில், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியுள்ளது. அதே எச்சரிக்கையை இங்கும் கோருவதில் கருத்து வேறுபாடு இல்லை.

பதப்படுத்திகள் பற்றிச் சுருக்கமாக. சூடாக நிரப்பி மூடுகிற, அல்லது கிருமி நீக்கி அட்டைப் பெட்டியில் அடைக்கிற பானத்துக்குப் பதப்படுத்தி தேவைப்படுவதில்லை. அதனால் 'பதப்படுத்தி சேர்க்கப்படவில்லை' என்ற வரி அங்கே பொய்யல்ல, பெருமையும் அல்ல. சோடியம் பென்சோயேட் (211) சேர்த்த பாட்டிலில் அஸ்கார்பிக் அமிலமும் (300) இருந்தால், வெயிலிலும் வெப்பத்திலும் சிறிதளவு பென்சீன் உருவாகக்கூடும். இரண்டு எண்களும் ஒரே உறையில் இருந்தால், வெயிலில் அடுக்கிவைக்கும் கடையில் அதை வாங்க வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கிறோம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு அனுப்பும் மனுவில் மூன்று கோரிக்கைகள் இருக்கும். ஆலையில் தொகுத்த எந்த நிறத்தோடும் 'இயற்கை' என்ற சொல் வரக் கூடாது, ரோமன் எண் உட்பட முழுக் குறியீடும் கட்டாயம். முகப்பில் பழப் படம் இருந்தால் அதன் அருகிலேயே, அதே பக்கத்தில், கூழின் சதவீதமும் பழ வகையும் இருக்க வேண்டும். நிற, நறுமண விற்பனையாளரின் தயாரிப்புமுறைச் சான்றை நிறுவனம் கோப்பில் வைத்திருந்து, அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும்.

கிளைகள் தங்கள் பகுதிக் கடைகளில் கிடைக்கும் பழ பான உறைகளின் சேர்மானப் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து, தொகுதி எண், தயாரிப்புத் தேதி, கடை ரசீதுடன் செயலகத்துக்கு அனுப்பவும். ரசீது இல்லாத படங்களை மனுவில் சேர்க்க இயலாது.