கழற்ற லேசு என்பதற்காகக் காலைக் கொடுப்பதா?

"வாப்பாக்குக் கழட்ட மாட்ட லேசா ஒரு பாட்டா தாங்க." நம்மூர்க் கடைகளில் நாம் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. வீட்டு வாசலிலும் பள்ளிவாசலிலும் செருப்பைக் கழற்றுகிற ஊர். திருகோணமலையில் கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்களும் அப்படித்தான். அந்த வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாப்பாவுக்கு நெடுங்காலச் சீனி வருத்தம் இருந்தால், அந்த லேசுக்கு விலையாகப் போவது அவருடைய கால்.

பாட்டாவில் குதிகாலைப் பிடிக்க ஒன்றுமில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள வார்தான் பிடி. ஒவ்வோர் எட்டுக்கும் நாம் அறியாமலே விரல்களை மடக்கித்தான் அதைக் காலோடு வைத்திருக்கிறோம். சீனி நரம்பைக் கெடுத்துவிட்டால் பாதத்துச் சிறு தசைகள் பலமிழக்கும், உணர்வும் குறையும். வார் விரலிடுக்கை அரைக்கும். அங்கே வுழூவின் ஈரம் வேறு. வலிக்காததால் அவர் குனிந்து பார்க்கமாட்டார். கச்சான் அடிக்கும் நாளில் லுஹருக்கு வருகிறார் என்று வையுங்கள். முற்றத்துச் சீமெந்து கொதிக்கிறது. பாட்டா கழன்றதே தெரியாமல் நாலு எட்டு வைத்துவிடுவார். பின்னேரம் கொப்புளம், பிறகு புண். கிருமி எலும்புவரை போனால் விரலையே எடுக்க வேண்டியும் வரலாம்.

"எங்கட மூத்தவங்க வெறுங்காலோடதானே நடந்தாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். முள் குத்தினால் துள்ளிய கால்கள் அவை. இது துள்ளாத கால்.

துள்ளுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. உடனே கிளினிக்கில் காட்டுங்கள். பேரப்பிள்ளைகளே இதைச் செய்யலாம்.

அவருக்கு வேண்டியது குதிகால் வார் உள்ள, ஒட்டுப்பட்டி வைத்த, அடி தடித்த செருப்பு. உட்புற நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். வெளியே போகாத இன்னொரு சோடி வையுங்கள்.

ஆனால் ஒட்டுப்பட்டியைக் கழற்றக் குனிய வேண்டும், இருக்க வேண்டும். எத்தனை பள்ளிவாசல்களில் அதற்கொரு வாங்கு இருக்கிறது? பளிங்குக்கும் ஏசிக்கும் சேர்க்கிறோம், ஒரு வாங்குக்குச் சேர்க்க முடியவில்லை. நிர்வாக சபையினரிடம் கேட்கிறோம்: வாசலில் கைப்பிடியோடு ஒரு வாங்கு போடுங்கள். செருப்புத் தட்டை வெயிலில் நிற்கும் கேற்றடியிலிருந்து கம்பளத்தின் ஓரத்துக்கு மாற்றுங்கள். ஹவுளுக்கும் கம்பளத்துக்கும் நடுவே நனைந்தாலும் வழுக்காத விரிப்பு ஒன்றும் போடுங்கள்.