‘குடும்பத்தினருக்கு மட்டும்’ ஒரு விதியா?

நல்லூர்த் திருவிழா தொடங்கினால், கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் சும்மா கிடக்கிற அறைகள் வாடகைக்கு வந்துவிடும். 25 நாள் திருவிழா. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வரும். எயார்பிஎன்பியிலும் முகநூலிலும் விளம்பரங்கள் நிறையும். அவற்றை வாசிக்கிறபோது எங்களுக்கு ஒன்று உறுத்துகிறது: அறையைப் பற்றி எழுதுகிறவர்கள் வீட்டின் விதிகளை எழுதுவதில்லை. வந்து இறங்கின பிறகுதான் சொல்லுகினம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்வம். முன்பக்கத்தில வீட்டுக்காரர் குடியிருக்கினம். பின்பக்கம் ஓர் அறை, அதோட ஒட்டாமல் முற்றத்தில ஒரு குளியலறை. விளம்பரம் இப்படி: “கோயிலருகே அமைதியான, அழகான அறை. சொந்த வீடு போல இருக்கலாம். குடும்பத்தினருக்கு மட்டும்.”

இதில ஒரு தகவலும் இல்லை. ‘அமைதி’ பொய். திருவிழா நாளில விடியமுன்னமே மணியும் ஒலிபெருக்கியும் கேட்கும். ‘சொந்த வீடு போல’ என்றால் குசினியில சமைக்கலாமா? வாசிக்கிறவர் ஆம் என்றுதான் நினைப்பார்.

அதே அறையை இப்படி எழுதலாம்: “வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை. இரட்டைக் கட்டில் ஒன்று, மின்விசிறி, நுளம்புவலை, ஏசி இல்லை. குளியலறை உங்களுக்கு மட்டும்தான், ஆனால் முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும். கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரம் அவ்வளவாக நுரைக்காது. குடிதண்ணீர் நாங்கள் தருவோம். திருவிழா நாட்களில் வீதி மூடப்படும். தடுப்பிலிருந்து பெட்டியுடன் நடந்துதான் வரவேண்டும்.”

இதை வாசித்த சிலர் வரமாட்டினம். முழங்கால் ஏலாத அம்மாவைக் கூட்டிவாறவர் வேற இடம் பார்ப்பார். அது நட்டமில்லை. அவர் வந்து, இருட்டில முற்றத்தைத் தாண்ட ஏலாமல் நிண்டு சண்டை பிடிக்கிறதை விட நல்லது. முழு வீட்டைக் கொடுக்கிறவர்களும் இதைக் கவனிக்கவேணும். மாமி ஒருத்தர் பக்கத்து அறையில இருக்கிறா என்றால் அது ‘முழு வீடு’ இல்லை.

இனி விதிகள். நல்ல விதி, என்ன செய்யலாம், எதுவரை, ஏன் என்ற மூன்றையும் சொல்லும். “மச்சம் வேண்டாம்” என்று மட்டும் எழுதினால், வெளியில சாப்பிட்டு வரலாமா என்று ஆருக்கும் தெரியாது. “திருவிழா முடியும்வரை வீட்டில் மச்சம் சமைப்பதில்லை, பார்சலும் கொண்டுவர வேண்டாம், வெளியில் சாப்பிடுவது உங்கள் விருப்பம்” என்றால் தெளிவு. “நேரத்துக்கு வரவும்” என்பதைவிட, “இரவு 10.30க்கு கேற் பூட்டுவோம், பிந்தினால் அழையுங்கள்” என்பது உதவும்.

புலம்பெயர்ந்த ஆக்கள் தங்கினால் சொந்தக்காரர் வந்துகொண்டே இருப்பினம். பகலில விறாந்தையில எத்தனை பேர் இருக்கலாம், இரவு தங்கலாமா என்பதையும் முதலே எழுதிவிட்டால் ஒருவரும் முகம் சுழிக்கத் தேவையில்லை. கேற்றடியில கமரா இருந்தால் அதையும் எழுதவேணும். வீட்டுக்குள்ள கமரா வைப்பதை எயார்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் முற்றாகத் தடைசெய்திருக்கிறது. ஹோலில வைத்தாலும் சரிவராது.

இப்ப அந்த ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ விசயத்துக்கு வருவம். மேலே சொன்ன விதிகள் எல்லாம் விருந்தாளி என்ன செய்யலாம் என்பதைப் பற்றினவை. இது அவர் ஆர் என்பதைப் பற்றினது. தனியாகப் பயணிக்கிற பெண்ணுக்கு அறை இல்லையா? இரண்டு சிநேகிதர்களுக்கு? பதில் விளம்பரத்தில இல்லை. அது தொலைபேசியில வரும்: “எந்த ஊர்? ஆற்ற ஆக்கள்?” இந்தக் கேள்வி எதைத் தேடுதென்று எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். சாதியையும் மதத்தையும் நேரே எழுத வெட்கப்படுகிறவர்கள் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குப் பின்னால ஒளிக்கினம்.

“பயம்தானே, வீட்டில பிள்ளையள் இருக்கினம்” என்று சொல்லுவினம். அந்தப் பயத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பயப்படுகிற விசயத்தையே எழுதலாம். குடி வேண்டாம் என்றால் குடி வேண்டாம். சத்தம் வேண்டாம் என்றால் எத்தனை மணிக்குப் பிறகு என்று எழுதுங்கோ. இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்றால் இரண்டு. இவற்றை ஏற்றுக்கொண்டு காசு கட்டி வாற எவரும் அந்த அறையில தங்கலாம். எழுதி விளம்பரத்தில போட வெட்கமான விதி எதுவோ, அதை வாசலில வைத்தும் சொல்லக்கூடாது.