கோப்பில் வைக்க வேண்டாம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு நல்ல விதி நடப்பில் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்காணல் செய்திருந்தால், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் ஆளெடுப்பு முடிவாகிவிட்டதா என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும். டொரொன்டோவில் வேலை தேடும் நம்மவர்கள் பலருக்கும் இது பொருந்தும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சட்டம் மௌனத்தைக் கலைக்குமே ஒழிய, வரும் நிராகரிப்புக் கடிதத்தின் நடையைத் திருத்தாது. நடை என்றதும் என் பழைய எரிச்சல் கிளம்பிவிடுகிறது. தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

"உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம், தகுந்த வாய்ப்பு வரும்போது அழைக்கிறோம்" என்ற வரியைத்தான் சொல்கிறேன். எழுதுபவருக்கு அது வெறும் உபசாரம், வாங்குபவருக்கோ வாக்குறுதி. அவர் காத்திருப்பார். ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேர்வாகாதவரின் விவரங்களைக் காலவரம்பின்றி வைத்திருக்கவும் முடியாது. உண்மையிலேயே வைத்திருக்க விருப்பம் என்றால், "ஆறு மாதம் வைத்திருக்கலாமா?" என்று அனுமதி கேட்கலாம். இல்லையேல் அந்த வரியே வேண்டாம். நிராகரிப்பைப் பிடிகொடுக்காமல் எழுத வேண்டும்தான், ஆனால் அது பூசி மெழுகுவது அல்ல. 'இல்லை' என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, காரணத்திலும் எதிர்காலத்திலும் மட்டும் பிடிகொடுக்காமல் இருப்பது. கணக்காளர் வேலைக்கு இரண்டு சுற்று வந்த ஒருவருக்கு இவ்வளவு போதும்: "கணக்காளர் பணிக்காக இரண்டு முறை நேரம் ஒதுக்கி வந்து பேசியதற்கு நன்றி. அந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். முடிவைத் தாமதமின்றித் தெரிவிக்க விரும்பினோம்." 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லும் வேண்டாம், நான்கு வரிப் புகழ்ச்சியும் வேண்டாம். அவ்வளவு புகழ்ந்தால், பிறகு ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விதான் மிஞ்சும்.

இரண்டு சுற்று அலைந்தவருக்குக் காரணம் சொல்வதுதானே மரியாதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மின்னஞ்சலில் எழுதப்படும் காரணம் பெரும்பாலும் பாதி உண்மை. "உங்களைவிட அனுபவம் மிக்கவரை எடுத்தோம்" என்று எழுதியிருப்பார்கள். எடுக்கப்பட்டவர் இளையவர் என்பது லிங்க்ட்இனில் தெரிந்துவிடும். ஜெர்மனியில் பாகுபாடு காட்டினார்கள் என்று இழப்பீடு கேட்பவர், நிராகரிப்பு கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் கோர வேண்டும். அப்போது இந்த ஒரு வரியே சாட்சியாகலாம். வாயே திறக்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். வேறொருவர் தேர்வானாரா என்ற விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை விண்ணப்பித்தவருக்கு இல்லை என்று சொன்ன ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அதே 2012 தீர்ப்பில், தகவல் தர அடியோடு மறுப்பதையும் பாகுபாட்டுக்கான அறிகுறிகளில் ஒன்றாகக் கருதலாம் என்றது. ஆகவே கடிதத்தில் காரணம் வேண்டாம். கேட்டு எழுதுபவருக்கு, நேர்காணல் குறிப்புகளைப் பார்த்து, வேலைக்குத் தேவையான திறனை ஒட்டி மட்டும் தொலைபேசியில் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், கேட்கலாம் என்று கடிதத்தில் அழைக்காதீர்கள்.