பயன்படாத மணிகள் யாருடையவை?

கோயம்புத்தூர் வட்டாரத் தொழிற்கூடங்களில், ஆலோசகருக்கு மாதந்தோறும் தரப்படும் ரீட்டெய்னர் தொகைக்குள் பயன்படாமல் நின்ற மணிகள் தொழிற்கூடத்தின் சொத்து என்றும், எத்தனை மாதமானாலும் அவை சேர்ந்துகொண்டே போகவேண்டும் என்றும் ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. ரீட்டெய்னர் என்பது ஆலோசகர் தம் நேரத்தில் ஒரு பகுதியை ஒருவருக்கென ஒதுக்கி வைப்பதற்கான மாதக் கட்டணம். அதனை எண்ணிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலியாகக் கருதுவதிலேயே தவறு தொடங்குகிறது.

காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகள், காற்று மிகுந்த மாதங்களின் உபரி யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் சேர்த்து வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ முறையை அறிந்தவை. ஆனால் அந்த யூனிட் உண்மையில் உற்பத்தியாகி மின்கட்டமைப்பில் கலந்தது, சேர்த்து வைப்பதற்கும் கட்டணம் உண்டு. ஆலோசகரின் மணியோ காத்திருந்தே கழிந்துபோனது. அதற்குப் பொருத்தமான ஒப்புமை உயர் அழுத்த மின்கட்டணத்திலுள்ள டிமாண்ட் சார்ஜ் ஆகும்: எந்திரம் ஓடினாலும் நின்றாலும், ஒப்பந்தம் செய்த கே.வி.ஏ.வில் 90 விழுக்காட்டுக்குக் குறையாத அளவுக்கு ஆலை பணம் செலுத்துகிறது, மிஞ்சிய கே.வி.ஏ.வை அடுத்த மாதத்துக்கு எவரும் கேட்பதில்லை.

மாதம் 20 மணிக்கு 40,000 ரூபாய் என்று ஒரு பம்ப் தயாரிப்புக் கூடம் ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கொண்டால், வரம்பின்றிச் சேரும் முறையில் மூன்று மாதம் எட்டெட்டு மணி மிஞ்சியதும், நான்காம் மாதம் அதே 40,000 ரூபாய்க்கு 44 மணி உழைப்பைக் கோரலாம். மற்ற ஒப்பந்தங்களுக்கு ஒதுக்கிய நேரத்தைப் பறிக்காமல் எந்த ஆலோசகரும் அதைத் தரமுடியாது. மிஞ்சியது முழுவதும் மாத இறுதியில் காலாவதியாகும் என்பதும் கடுமையானதே. ஆகவே 5 மணி வரை அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லும் என்பது நியாயமான நடு வழி.

அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரலில் 12 மணி போக மிஞ்சிய எட்டில் 5 மே மாதத்துக்குச் செல்கிறது, 3 காலாவதியாகிறது. மேயில் 18 மணி பயன்படும்போது பழைய மணியை முதலில் கழித்தால் ஜூனுக்கு 5 மணி செல்லும். புதியதை முதலில் கழித்தால் 2 மணி மட்டுமே செல்லும். 6,000 ரூபாய் மதிப்புள்ள இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தின் ஒற்றை வரி தீர்மானிக்கிறது. அவ்வரி எழுதப்படாத ஒப்பந்தமே பூசலுக்கு விதை. பழையது முதலில் என்பதே வாடிக்கையாளருக்கு நேர்மையானது. ஆலோசகரே வர இயலாமல் போன மணிகள் காலாவதிக் கணக்கில் ஒருபோதும் சேரக்கூடாது. அவற்றுக்கு ஈடாகத் தொகை குறைக்கப்பட வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டமும் மணியை எண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் தவணைதோறும் பணம் பெறும் சேவை ‘தொடர் சேவை’ எனப்படும். 31(5) பிரிவின்படி, ஒப்பந்தம் குறிக்கும் பணம் செலுத்தும் நாளுக்குள் அதற்கான இன்வாய்ஸ் எழுதப்பட வேண்டும். எனவே மே இன்வாய்ஸில் 40,000 ரூபாயும் 18 விழுக்காட்டு வரி 7,200 ரூபாயும் மட்டுமே தொகையாக நிற்கும். ஏப்ரலிலிருந்து வந்த 5 மணிக்கு முன்பே வரி கட்டியாகிவிட்டதால், அது தொகையில்லாத குறிப்பாகக் கீழே இடம்பெறும்.