அப்பாவுக்கு அனுப்புற கார்டுல மண்டை ஓடு எதுக்கு?

ஃபேமிலி குரூப்ல நீங்க போட்ட 'உஷார்! அக்கவுன்ட் காலி!' கேரோசலைத் திறந்து பாருங்க. சிவப்பு எழுத்து, மண்டை ஓடு. மோசடி மெசேஜும் இதே தொனியில்தான் வருது: "இன்று இரவுக்குள் கே.ஒய்.சி. அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்." கூடவே ஒரு APK ஃபைல். பதற்றத்துல அப்பா அதைத் தொட்டுடுவார். பணம் போனதும், திட்டு விழுமேன்னு நம்மகிட்ட மறைப்பார். ஆனா 1930-க்கு சீக்கிரம் சொன்னால்தான், பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு.

நான் செஞ்சதுல நாலே கார்டு. முதல்ல அந்த மெசேஜ், அப்படியே. ரெண்டாவதுல அனுப்பினவர் நம்பரை மட்டும் பெரிசாக்கி, "இது யாரோ ஒருத்தரோட பத்து இலக்க மொபைல் நம்பர். பேங்க் எஸ்.எம்.எஸ்.ல பேங்க்கோட சுருக்கப் பெயர் இருக்கும்." பெயர் இருந்தாலே நிஜம்னு ஆகிடாது. அதனால மூணாவது: "எதையும் தொடாதீங்க. நாளைக்கு பிராஞ்சுக்கே போய்க் கேட்டுக்கலாம். பரிசு விழுந்திருக்குன்னு வந்தாலும், பணம் கட்டச் சொன்னா விட்டுடுங்க."

நாலாவதைத்தான் ரொம்ப நேரம் யோசிச்சு எழுதினேன்: "தொட்டுட்டீங்களா? பரவாயில்லை. நெட்டை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்ல இருந்து 1930-க்குக் கூப்பிடுங்க. அப்புறம் எனக்கு. திட்ட மாட்டேன்."